தம்பி வெளிநாட்டில், பவர் அக்காவிடம்: ஒரு மனை விற்பனையில் நடந்தது

வளைகுடா நாடு ஒன்றில் வேலை பார்க்கும் ஒருவர், தமிழ்நாட்டில் உள்ள தன் மனையை விற்க அக்காவுக்குப் பவர் கொடுத்தார். நல்ல எண்ணத்தோடு எழுதப்பட்ட அந்தப் பவர், தேவைப்பட்ட நேரத்தில் பயன்படாமல் போனது. இரண்டாவது முறை எழுதிய பவர் மூலம் விற்பனை முடிந்தது. விற்பவர் தரப்பில் ஆவணங்களைப் பார்த்த வழக்கறிஞர் என்ற முறையில் இதை எழுதுகிறேன். இருவரின் சம்மதத்தோடு எழுதுகிறேன். ஆளையோ ஊரையோ அடையாளம் காட்டும் எதையும் சேர்க்கவில்லை.

பின்னணி

மனை 2009ல் தம்பி பெயரில் 9 லட்சத்துக்கு வாங்கியது. வில்லங்கம் எதுவும் இல்லை, பட்டாவும் அவர் பெயரில்தான். அவர் இந்தியக் குடிமகன். பல வருடங்களாக வெளிநாட்டில் இருப்பதால் வருமான வரிச் சட்டத்தின்படி இங்கு வசிக்காதவர். மனைக்குப் பக்கத்திலேயே அக்கா குடியிருக்கிறார். வேலி சாய்ந்தால் நிமிர்த்துவது, முள் வெட்டுவது, வரி கட்டுவது எல்லாம் அவர்தான்.

2024 ஏப்ரலில் விற்க முடிவானது. தம்பி தன்னோடு வேலை பார்க்கும் நண்பரிடமிருந்து ஒரு பவர் மாதிரியை வாங்கி, பெயரையும் சொத்து விவரத்தையும் மாற்றி, இந்தியத் தூதரகத்தில் அதிகாரி முன்பு கையெழுத்துப் போட்டு சான்றொப்பம் வாங்கினார். இது சரியான வழிதான். 1908ம் வருடப் பதிவுச் சட்டத்தின் 33வது பிரிவு, இந்தியாவில் வசிக்காதவர் கொடுக்கும் பவரை நோட்டரி, நீதிமன்றம், இந்தியத் தூதர் போன்றவர்கள் முன்பு எழுதிக் கொடுக்கலாம் என்கிறது. சார்பதிவாளர் அலுவலகத்தில் கேள்வியே எழாத வழி என்றால் தூதரகம்தான்.

பவர் கூரியரில் மே 20 அன்று அக்கா கைக்கு வந்தது. அவர் அதைப் பத்திரமாக பீரோவில் வைத்தார். அப்போது வாங்க ஆள் யாரும் இல்லை. அக்டோபரில் ஒருவர் 43 லட்சத்துக்கு ஒத்துக்கொண்டார். அக்கா பவர் ஏஜென்ட் என்ற முறையில் ஒரு அக்ரிமெண்ட்டில் கையெழுத்துப் போட்டு, 2 லட்சம் முன்பணத்தைத் தன் வங்கிக் கணக்கில் வாங்கிக்கொண்டார். அதில் 60 ஆயிரத்தை மனையைச் சுத்தம் செய்யவும், வேலியைச் சரிசெய்யவும், நின்றுபோயிருந்த வரியைக் கட்டவும் செலவு செய்தார். ஒவ்வொரு ரசீதும் அவரிடம் இருந்தது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இந்த நிகழ்வில் யாரும் யாரையும் ஏமாற்றவில்லை.

நவம்பரில் வாங்குபவரின் வங்கிக் கடனுக்காக அவருடைய வழக்கறிஞர் பவரைக் கேட்டார். பார்த்துவிட்டு, "இதை வைத்துக் கிரையம் செய்ய முடியாது" என்று சொல்லிவிட்டார். அப்போதுதான் அக்கா என்னிடம் வந்தார்.

பவரைப் படித்தபோது கண்டது

முதல் குறை காகிதத்தின் உள்ளே இல்லை, தேதியில் இருந்தது. வெளிநாட்டில் எழுதிய பவரை இங்கே பதிவு செய்யக் கட்டாயமில்லை. ஆனால் அதற்கு இந்திய முத்திரைத் தீர்வை செலுத்த வேண்டும். அது இந்தியாவுக்கு வந்து சேர்ந்த நாளிலிருந்து மூன்று மாதத்துக்குள் அதைச் செய்ய வேண்டும் என்பது 1899ம் வருட முத்திரைச் சட்டத்தின் 18வது பிரிவு. நடைமுறையில் அசல் பவரை மாவட்டப் பதிவாளர் அலுவலகத்துக்கு எடுத்துப்போய்த் தீர்வை கட்டி, சான்று எழுதி வாங்க வேண்டும். பத்திர அலுவலக வட்டாரத்தில் இதை அட்ஜுடிகேஷன் என்பார்கள். கையெழுத்துப் போட்ட நாளிலிருந்து அல்ல, கைக்கு வந்த நாளிலிருந்துதான் கணக்கு; அதனால்தான் கூரியர் உறையைத் தூக்கிப்போடக் கூடாது, வந்த தேதிக்கு அதுதான் ஆதாரம். இங்கே உறை இருந்தது. ஆனால் அதில் இருந்த தேதியின்படி கெடு ஆகஸ்ட் 20லேயே முடிந்திருந்தது. மூன்று மாதம் தாண்டி வரும் வெளிநாட்டு ஆவணத்துக்கு அந்தச் சான்றைத் தர அதே சட்டத்தின் 32வது பிரிவு அனுமதிப்பதில்லை.

"ஆள் கிடைத்த பிறகு கட்டிக்கொள்ளலாம் என்று இருந்தேன் சார்" என்றார் அக்கா. யாராக இருந்தாலும் அப்படித்தான் நினைப்பார்கள். பவர் என்பது விற்கும் அன்றைக்குத் தேவைப்படும் காகிதம் என்றுதான் தோன்றும். வந்த அன்றே அதற்கு ஒரு கெடு ஓடத் தொடங்கிவிடுகிறது என்று தூதரகத்திலும் யாரும் சொல்லவில்லை, நண்பர் கொடுத்த மாதிரியிலும் இல்லை.

இரண்டாவது குறை வாசகத்தில். மாதிரி ஒரு முழுக் குடும்பச் சொத்தை நிர்வகிப்பதற்காக யாரோ எழுதியது. வாடகை வசூலிக்க, அடமானம் வைக்க, தானம் கொடுக்க, வேறொருவரை உப ஏஜென்டாக நியமிக்க, எல்லாவற்றுக்கும் அதில் அதிகாரம் இருந்தது. விற்பனையைப் பற்றி இருந்தது ஒரே ஒரு வரி: விலை பேசவும், கிரையப் பத்திரம் எழுதிக் கையொப்பமிடவும் அதிகாரம் தரப்படுகிறது என்று. விற்பனைத் தொகையைப் பெற்றுக்கொள்ளவோ, அக்ரிமெண்ட் போடவோ, பதிவு அலுவலகத்தில் பத்திரத்தைத் தாக்கல் செய்து ஒப்புக்கொள்ளவோ ஒரு சொல்லும் இல்லை.

பவரை நீதிமன்றங்கள் எழுத்துக்கு எழுத்து இறுக்கமாகத்தான் படிக்கும். எழுதாத அதிகாரத்தை ஊகித்துச் சேர்க்க மாட்டார்கள். ஆக, தேவையில்லாத இடத்தில் அகலமாகவும் தேவைப்பட்ட இடத்தில் குறுகலாகவும் இருந்த பவர் அது. அக்கா போட்ட அக்ரிமெண்ட்டும் வாங்கிய 2 லட்சமும் அவருக்குக் கொடுக்கப்பட்ட அதிகாரத்துக்கு வெளியே நின்றன. தம்பி மனசு மாறியிருந்தால் அந்த 2 லட்சத்துக்கு அக்காதான் தனியாகப் பதில் சொல்லியிருக்க வேண்டும்.

மூன்றாவது, சொத்து விவரம். 2009ம் வருடப் பத்திரத்தில் இருந்த சர்வே எண்ணை அப்படியே எழுதியிருந்தார்கள். அதற்குப் பிறகு உட்பிரிவு ஆகி, பட்டாவில் வேறு எண் இருந்தது. பத்திரத்தில் தம்பியின் பெயர் இனிஷியலோடு இருக்க, பாஸ்போர்ட்டில் அப்பா பெயரும் சேர்த்து விரிவாக இருந்தது. இரண்டும் ஒரே ஆள் என்று எங்கும் எழுதவில்லை.

முதல் முடிவு: பழையதை விட்டுவிட்டுப் புதிது எழுதுவது

பழைய பவரை எப்படியாவது காப்பாற்ற முடியுமா என்றுதான் இருவரும் கேட்டார்கள். தம்பி இருக்கும் ஊரிலிருந்து தூதரகத்துக்குப் போக ஒரு நாள் விடுப்பு எடுக்க வேண்டும். தாமதத்துக்கு அபராதம் கட்டிப் போராடிப் பார்க்கலாம் என்று ஒரு யோசனை வந்தது. ஆனால் தீர்வை பிரச்சினை தீர்ந்தாலும் வாசகக் குறை அப்படியே இருக்கும். அதனால் புதிது எழுதச் சொன்னேன்.

பழையதை ரத்து செய்வதையும் சேர்த்தே செய்தோம். ஒப்பந்தச் சட்டத்தின் 208வது பிரிவுப்படி, ஏஜென்டின் அதிகாரம் முடிந்தது அவருக்குத் தெரியவரும்போதுதான் அவரைப் பொறுத்தவரை முடிகிறது. மூன்றாம் நபர்களைப் பொறுத்தவரை அவர்களுக்குத் தெரியவரும்போதுதான். அதனால் தம்பி அக்காவுக்கும் வாங்குபவருக்கும் எழுத்தில் தெரிவித்தார், புதிய பவரிலும் பழையது ரத்தாகிறது என்று ஒரு பத்தி சேர்த்தோம். அசல் பவர் என்னிடம் வந்தது.

இரண்டாவது முடிவு: எதற்கு அதிகாரம், எதற்கு இல்லை

இங்கேதான் அதிக நேரம் போனது, மனசும் கஷ்டப்பட்டது. பணம் நேராகத் தம்பியின் என்.ஆர்.ஓ. கணக்குக்குத்தான், அதாவது வெளிநாட்டில் வசிப்பவர் இங்கே வரும் பணத்துக்காக வைத்திருக்கும் வங்கிக் கணக்குக்குத்தான், போக வேண்டும், அக்கா கையில் வாங்கக் கூடாது என்று எழுதலாம் என்றேன். தொலைபேசியில் தம்பி தயங்கினார். "அக்கா தப்பா நினைச்சுக்குவாங்க சார்." எதிரே உட்கார்ந்திருந்த அக்காவுக்கும் முகம் வாடியது. "இத்தனை வருஷம் நான்தானே பார்த்துக்கிட்டேன், இப்ப நம்பிக்கை இல்லையா?" என்று கேட்டார்.

நான் சொன்னது இதுதான். 42, 43 லட்சம் உங்கள் கணக்கில் வந்து போனால், அது உங்கள் பணம் இல்லை என்று வருமான வரித் துறைக்கும், நாளைக்குத் தம்பியின் மனைவி மக்களுக்கும், உங்கள் பிள்ளைகளுக்கும் நீங்கள்தான் விளக்கிக்கொண்டிருக்க வேண்டும். உங்கள் கணக்கைத் தொடாமல் போனால் உங்களிடம் யாரும் எதையும் கேட்க முடியாது. ஏஜென்ட் கேட்கும்போது கணக்குக் காட்ட வேண்டும் என்று ஒப்பந்தச் சட்டம் 213வது பிரிவில் சொல்கிறது. கையில் பணமே வாங்காதவருக்குக் காட்ட வேண்டிய கணக்கு மிகச் சிறியது. அக்கா கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு ஒத்துக்கொண்டார். கட்டுப்பாடு போட்ட பவர், ஏஜென்டைச் சந்தேகிப்பதற்காக அல்ல, அவரைக் காப்பாற்றுவதற்காகத்தான் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

புதிய பவரின் முக்கியமான பத்தி இப்படி அமைந்தது:

"கீழ்க்கண்ட சொத்து ஒன்றை மட்டும் விற்பனை செய்ய, விலை பேச, கிரையப் பத்திரத்திலும் தேவைப்பட்டால் அதன் பிழைத்திருத்தப் பத்திரத்திலும் என் சார்பாகக் கையொப்பமிட, அவற்றைச் சார்பதிவாளர் முன் தாக்கல் செய்து எழுதிக் கொடுத்ததை ஒப்புக்கொள்ள, சொத்தின் சுவாதீனத்தை ஒப்படைக்க, பட்டா மாற்றத்துக்கான மனுக்களில் கையொப்பமிட அதிகாரம் அளிக்கிறேன். விற்பனைத் தொகை முழுவதும் கீழ்க்கண்ட என் வங்கிக் கணக்கில் மட்டுமே செலுத்தப்பட வேண்டும். அது வந்து சேர்ந்தபின் அதற்கான ஒப்புகை அளிக்க மட்டும் ஏஜென்டுக்கு அதிகாரம் உண்டு. அடமானம், தானம், செட்டில்மெண்ட் செய்யவும் உப ஏஜென்டை நியமிக்கவும் அதிகாரம் இல்லை."

பிழைத்திருத்தம் என்ற சொல்லை வலியச் சேர்த்தேன். கிரையம் முடிந்து ஆறு மாதம் கழித்து எல்லையில் ஒரு அடி தப்பாகிவிட்டது என்று வாங்குபவர் வந்தால், அதற்காக மறுபடி தூதரகத்துக்கு அலைய வேண்டியிருக்கக் கூடாது. பவரின் காலத்தை ஒரு வருடம் என்று வைத்தோம்.

குறைந்தபட்ச விலையைப் பவரிலேயே எழுதச் சொன்னார் தம்பி. அதை மட்டும் வேண்டாம் என்றேன். பவரின் நகலை வாங்குபவர் படிப்பார். 40 லட்சத்துக்குக் குறையக் கூடாது என்று இருந்தால் பேச்சு 40லிருந்துதான் தொடங்கும். அதற்குப் பதிலாக அக்காவுக்குத் தனியாக ஒரு கடிதம் எழுதினார். அந்தக் கடிதம் அக்காவைக் கட்டுப்படுத்தும், அதைப் பார்க்காத வாங்குபவரைக் கட்டுப்படுத்தாது. அந்த இடைவெளி இருப்பது தெரிந்தேதான் செய்தோம். பணம் நேராகத் தம்பி கணக்குக்கே வருவதால், குறைந்த விலைக்கு விற்றுவிடும் தூண்டுதல் அங்கே இல்லை.

சர்வே எண்ணில் பழையது, உட்பிரிவு இரண்டையும் எழுதி, நான்கெல்லையும் அளவும் சேர்த்தோம். பெயர் விஷயத்துக்கு, பத்திரத்தில் இப்படியும் பாஸ்போர்ட்டில் இப்படியும் குறிப்பிடப்படுபவர் நான் ஒருவரே என்று ஒரு வரி. வரைவை அனுப்பும் முன் வாங்குபவரின் வழக்கறிஞரிடமும் காட்டி, அவர் சொன்ன இரண்டு திருத்தங்களைச் சேர்த்தோம்.

மூன்றாவது முடிவு: முன்பணத்தைத் திருப்பிக் கொடுத்தது

அக்கா அதிகாரமில்லாமல் செய்ததைத் தம்பி பிறகு ஒப்புக்கொண்டு உறுதிப்படுத்த முடியும். ஒப்பந்தச் சட்டம் அதற்கு இடம் தருகிறது. நானும் முதலில் அப்படித்தான் நினைத்தேன். தடுத்தது வரி.

விலையிலிருந்து பிடித்து அரசுக்குக் கட்ட வேண்டிய வரியான டி.டி.எஸ். எதுவும் பிடிக்க வேண்டாம் என்று வாங்குபவர் எண்ணியிருந்தார், ஏனென்றால் விலை 50 லட்சத்துக்குக் கீழே. அந்த 50 லட்ச வரம்பும் 1 சதவீதப் பிடித்தமும் இந்தியாவில் வசிப்பவர் விற்கும்போதுதான். விற்பவர் வெளிநாட்டில் வசிப்பவர் என்றால் வேறு பிரிவு; அப்போது இருந்த 1961ம் வருட வருமான வரிச் சட்டத்தில் அது 195. அதில் குறைந்தபட்ச வரம்பே கிடையாது. கையெழுத்துப் போடுவது உள்ளூரில் இருக்கும் அக்காவாக இருப்பதால் பலர் இங்கேதான் ஏமாறுகிறார்கள். விற்பவர் யார் என்பதைத்தான் சட்டம் பார்க்கும், கையெழுத்துப் போடுபவர் யார் என்பதை அல்ல. பிடிக்காமல் விட்டால் பொறுப்பு வாங்குபவர் தலையில்.

முன்பணம் கொடுக்கும்போதே பிடித்திருக்க வேண்டும். அந்த 2 லட்சத்தில் பிடிக்கவில்லை, போனதோ அக்காவின் கணக்குக்கு. இதை ஒட்டுப்போடுவதைவிடத் திருப்பிக் கொடுத்துவிட்டு, மொத்தத் தொகையும் கிரைய நாளில் ஒழுங்காக வருவது நல்லது என்று முடிவெடுத்தோம். அக்கா செலவு செய்திருந்த 60 ஆயிரத்தைத் தம்பி ரசீதுகளைப் பார்த்து அனுப்பினார். அக்கா 2 லட்சத்தையும் வங்கி மூலம் திருப்பினார், பழைய அக்ரிமெண்ட் ரத்தானது. வாங்குபவரைப் பிடித்து வைக்கும் கயிறு அதோடு போனது. அந்த அபாயத்தைத் தம்பியிடம் வெளிப்படையாகச் சொன்னேன்.

பிறகு தம்பி அப்போதைய படிவம் 13 மூலம் குறைந்த விகிதத்தில் வரி பிடிக்கும் சான்றுக்கு விண்ணப்பித்தார். கணக்கு இப்படி. 2024 ஜூலை 23 முதல் நடக்கும் விற்பனையில் நீண்டகால மூலதன ஆதாயத்துக்கு 12.5 சதவீத வரி, அதன் மேல் 4 சதவீத செஸ், ஆக 13 சதவீதம். கடைசியில் முடிந்த விலையான 42 லட்சத்தில் வாங்கிய விலை 9 லட்சத்தைக் கழித்தால் ஆதாயம் 33 லட்சம், வரி 4 லட்சத்து 29 ஆயிரம். சான்று இல்லாவிட்டால் வாங்குபவர்கள் பாதுகாப்புக்காக முழு விலையிலும் 13 சதவீதம் பிடித்துவிடுவார்கள். அது 5 லட்சத்து 46 ஆயிரம். மீதி 1 லட்சத்து 17 ஆயிரம் திரும்ப வரும்தான், ஆனால் கணக்குத் தாக்கல் செய்து காத்திருக்க வேண்டும்.

பிறகு நடந்தது

தம்பி டிசம்பர் முதல் வாரத்தில் தூதரகத்தில் புதிய பவரில் கையெழுத்துப் போட்டார். 12ம் தேதி அது இங்கே வந்தது. உறையில் வந்த தேதியை எழுதி வைத்து, அசல், நகல், பாஸ்போர்ட் நகல், உறை எல்லாவற்றோடும் அக்கா மறுவாரமே மாவட்டப் பதிவாளர் அலுவலகத்துக்குப் போனார். தீர்வை கட்டிச் சான்று எழுதி வாங்கியாயிற்று.

வரிச் சான்று பிப்ரவரி தொடக்கத்தில் வந்தது. அந்தச் சான்று அந்த நிதியாண்டுக்கு மட்டும்தான். மார்ச் 31க்குள் கிரையம் முடியாவிட்டால் மறுபடி முதலிலிருந்து. வாங்குபவரும் தன் பக்கத்தில் வரி பிடித்துக் கட்டத் தேவையான டேன் எண்ணை வாங்கி வைத்திருந்தார்.

பிப்ரவரி 10 பதிவுக்கு நாள் குறித்தோம். அன்று திருப்பி அனுப்பப்பட்டோம், காரணம் என் தவறு. தமிழ்நாட்டில் ஏஜென்ட் கிரையம் எழுதிக் கொடுக்கும்போது, பவர் கொடுத்தவர் உயிரோடு இருக்கிறார் என்ற சான்றைக் காட்ட வேண்டும். பவர் கொடுத்தவர் இறந்துவிட்டால் பவர் செல்லாது என்பதால் வந்த ஏற்பாடு இது. அந்தச் சான்று 30 நாட்களுக்கு உட்பட்டதாக இருக்க வேண்டும். தம்பிக்கு ஜனவரி 6 விடுமுறை கிடைத்ததால் அன்றே தூதரகத்தில் வாங்கிவிடச் சொல்லியிருந்தேன். பிப்ரவரி 10க்கு அது 35 நாள் பழையது. எல்லோரும் வந்து உட்கார்ந்திருந்த அலுவலகத்தில் அக்கா என்னைப் பார்த்த பார்வை இன்னும் நினைவிருக்கிறது. அவர் எதுவும் சொல்லவில்லை.

அந்த இடைவெளியில் வாங்குபவரின் வங்கி, கடன் ஒப்புதலைப் புதுப்பிக்கக் கட்டணம் கேட்டது. அவர் விலையில் 1 லட்சம் குறைக்கச் சொன்னார். கையில் அக்ரிமெண்ட் இல்லாததால் எங்களால் பெரிதாக மறுக்க முடியவில்லை. தனிக் கடிதத்தில் இருந்த 40 லட்சத்துக்கு மேலே இருந்ததால் அக்காவே முடிவெடுத்திருக்கலாம்; ஆனாலும் தம்பியிடம் கேட்டுவிட்டுத்தான் 42க்கு ஒத்துக்கொண்டார்.

மார்ச் 5 அன்று புதிய உயிர்ச் சான்றோடு பதிவு நடந்தது. பிடித்த வரி போக மீதி முழுவதும் தம்பியின் என்.ஆர்.ஓ. கணக்குக்கு வந்தது. பணம் வந்துவிட்டது என்று தம்பி தொலைபேசியில் சொன்ன பிறகுதான் அக்கா கைரேகை வைத்தார். வெளியே வந்ததும், "என் கணக்குக்கு வராததே நல்லதாப் போச்சு சார், ராத்திரி தூங்கியிருக்க மாட்டேன்" என்றார். பணத்தை அங்கே எடுத்துச் செல்வது தனி வேலை. அதற்கு அப்போது 15CA, 15CB படிவங்களும் ஒரு ஆடிட்டரின் உதவியும் தேவைப்பட்டன. நிதியாண்டுக்கு 10 லட்சம் டாலர் வரை அனுமதி உண்டு என்பதால் தம்பிக்கு அதில் சிக்கல் வரவில்லை.

இப்போது செய்வதாக இருந்தால்

பவர் எழுதும் நேரத்தை மாற்றுவேன். வாங்குபவர் யார் என்று ஓரளவு தெரிந்த பிறகு எழுதினால், வாசகத்தை அவர் தரப்பு வழக்கறிஞரிடம் காட்டிவிட்டே தூதரகத்துக்கு அனுப்பலாம். அதுவரை உள்ளூரில் விலை விசாரிக்கவும் மனையைக் காட்டவும் பவர் எதுவும் தேவையில்லை. முதல் பவர் ஐந்து மாதம் முன்னதாக எழுதப்பட்டதுதான் அதன் கெடுவையே வீணாக்கியது.

முன்பணத்தைத் திருப்பியதில் எனக்கு இப்போதும் முழு நிம்மதி இல்லை. வரி விஷயத்தில் அது சரி. ஆனால் புதிய பவரில் அக்ரிமெண்ட் போடும் அதிகாரத்தையும் சேர்த்திருந்தால், டிசம்பரிலேயே முறையாகப் பதிவு செய்த அக்ரிமெண்ட்டும், வரி பிடித்த சிறிய முன்பணமும் வாங்கியிருக்கலாம். அந்த 1 லட்சம் குறைந்திருக்காது. கிரையத்துக்கு நேராகப் போய்விடலாம் என்ற அவசரத்தில் அதை விட்டேன்.

உயிர்ச் சான்றைப் பதிவு நாள் உறுதியான பிறகுதான் வாங்கச் சொல்கிறேன். பவர் கொடுத்தவரின் விடுமுறைக்கு ஏற்பப் பதிவு நாளை வைக்க முடியுமா என்று முதலில் வாங்குபவரிடம் கேட்டுப் பார்க்கிறேன், பெரும்பாலும் முடிகிறது.

பழைய பவரின் அசலை, ரத்தானது என்று ஒவ்வொரு பக்கத்திலும் எழுதி, அக்கா முன்னிலையில் கூரியர் உறையோடு சேர்த்துக் கோப்பில் வைத்தேன். பிழைத்திருத்தத்துக்காக இதுவரை யாரும் வரவில்லை.